நாற்பத்து நான்காம் குழாய்

ஆய்விதழிலிருந்து பதில் வந்த நேரத்தில் அவள் குளிரறைக்குள் இருந்தாள். நான்கு பாகை குளிர். உள்ளே போனால் பத்து நிமிடத்தில் விரல் நுனி மரத்துவிடும். அந்த அறைக்குப் பொறுப்பானவரை எல்லோரும் ஐஸ் அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். பம்பு, புரதத்தைப் பிரித்தெடுக்கும் கண்ணாடித் தூண், அதிலிருந்து சொட்டுவதைப் பிடிக்கக் குழாய் மாற்றும் பெட்டி எல்லாம் அவர் கையில். இருபத்திரண்டு வருடமாக அந்தக் குளிரில் நின்று நின்று, வெளியே வெயிலிலும் கம்பளிக் குல்லாயைக் கழற்றாத மனிதர்.

"வாலு, சார் கூப்பிடறார்" என்று கதவைப் பாதி திறந்து தலையை நீட்டினார். "முகத்தப் பாத்தா நல்ல சேதியும் இல்ல, கெட்ட சேதியும் இல்ல. இழுக்கற சேதி."

வாலு என்ற பெயரும் அவர் வைத்ததுதான். ஆறு வருடத்துக்கு முன் அவள் இங்கே சேர்ந்தபோது, அவளுக்குக் கொடுக்கப்பட்ட புரதத்துக்கு ஒரு வால் இருந்தது. நிஜ வால் இல்லை. மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் மரபணுவை எடுத்து, ஆய்வுக்கூடங்களில் வளர்க்கும் சாதாரண பாக்டீரியாவுக்குள் வைத்து, அது உண்டாக்கும் புரதத்தின் கடைசியில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் ஆறு வரிசையாக வருகிற மாதிரி ஒட்டியிருந்தார்கள். அந்த ஆறும் நிக்கலைக் கண்டால் விடாது. நிக்கல் ஏற்றிய மணிகள் நிறைந்த தூணில் செல் சாற்றை ஊற்றினால் ஆயிரக்கணக்கான புரதங்கள் வழிந்தோடிவிடும்; வால் உள்ளது மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கும். 'வால் பொண்ணு' என்று ஆரம்பித்தது 'வாலு' என்று சுருங்கிவிட்டது. முப்பத்தேழு வயதில், ஏழு வயது மகளுக்குத் தாயாக இருந்துகொண்டு, இன்னும் வாலு.

சார் அறையில் சார் மட்டும் இருந்தார். அவளுடைய ஆய்வு வழிகாட்டி. ஓய்வு பெற எட்டு மாதம் இருந்தது. மேசையில் பாதிப் புத்தகங்களை ஏற்கனவே பெட்டியில் கட்டிவிட்டிருந்தார்.

"உக்காரும்மா. நிராகரிக்கல. ஆனா கட்டுரையப் பரிசீலிச்சவங்கள்ல ஒருத்தர் ஒரு கேள்வி கேட்டிருக்கார்."

கேள்வி மூன்றே வரி. புரதத்தை நிக்கல் தூண் ஒன்றினால் மட்டுமே சுத்தம் செய்திருக்கிறீர்கள். அயனிப் பரிமாற்றத்திலும் ஜெல் வடிகட்டலிலும் புரதமும் அதன் வேலையும் ஒன்றாகவே வெளிவருகின்றனவா? காட்டினால் கட்டுரையை ஏற்கலாம்.

"நியாயமான கேள்விதான் சார்."

"நியாயமானதுதான். நாமளே கேட்டிருக்கணும்." சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எவ்வளவு நாளாகும்?"

"ரெண்டு வாரம். செல் இருக்கு சார். உறையவச்சது அறுபது கிராம். மூணு பங்காப் பிரிச்சு மூணு வழியிலயும் ஓட்டிடறேன்."

அன்று மாலை கணவனிடம் தொலைபேசியில் அதையேதான் சொன்னாள். ரெண்டு வாரம். அப்புறம் கட்டுரை, கட்டுரை வந்த கையோடு ஆய்வேடு, ஆய்வேடு கொடுத்ததும் ஊருக்கு. கணவன் வேறு ஊரில் வேலையில் இருந்தான். மகள் அவனோடு. மகளைப் பார்த்துக்கொள்ள அவன் அக்காவும் அங்கேயே வந்துவிட்டாள்.

"சரி" என்றான். முன்பெல்லாம் 'சரியா முடிஞ்சிடுமா?' என்று கேட்பான். இப்போது 'சரி' மட்டும்தான்.

"பாப்பா கிட்ட குடு."

"வீட்டுப்பாடம் எழுதறா. அத்தை சொல்லிக்குடுக்கறாங்க. அப்புறம் பேசச் சொல்றேன்."

அப்புறம் யாரும் பேசவில்லை.

முதல் பங்கு நிக்கல் தூணுக்கு. அது அவளுக்குக் கண்ணைக் கட்டிக்கொண்டு செய்கிற வேலை. செல்களை ஒலியலையால் உடைத்து, சுழற்றி, மேலே தெளிந்த சாற்றைத் தூணில் ஏற்றி, சும்மா ஒட்டிக்கொண்டதெல்லாம் போகும்வரை கழுவி, கடைசியில் இமிடசோல் கலந்த பஃபர் கரைசலை விட்டாள். ஹிஸ்டிடினின் பக்கவாட்டில் இருப்பதே இமிடசோல்தான். அது நிறைய வந்து நிக்கலைப் பிடித்துக்கொண்டால் வாலுக்கு இடம் போய்விடும். புரதம் கழன்று இறங்கும். காலையில் ஆரம்பித்த வேலை மதியச் சாப்பாட்டுக்குள் முடிந்தது. புரதங்களை எடைவாரியாகக் கோடு கோடாகப் பிரித்துக் காட்டும் பலகையில் ஓட்டிப் பார்த்தாள்: அறுபத்திரண்டாயிரம் டால்டன் நிறையில் ஒரே தடித்த பட்டை. வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு சோதனைக் கரைசல் உண்டு. அவள் புரதம் ஒரு நொதி என்பதுதான் கட்டுரை; நொதி அந்தக் கரைசலிலுள்ளதை வெட்டினால் மஞ்சள் நிறம் வரும். வந்தது.

"இதுக்கு மேல என்ன சுத்தம் வேணுமாம் அவங்களுக்கு?" என்றார் ஐஸ் அண்ணன். "சாமி சிலைய விளக்கின மாதிரி இருக்கு."

அவர் சொல்வதும் சரிதான். ஆறு வருடமாக அவளும் அப்படித்தான் நினைத்தாள். ஒரே படியில் இவ்வளவு சுத்தம் வேறெந்த முறையிலும் வராது. அதனால்தான் வேறு முறை யாருக்கும் தேவைப்படவில்லை.

இரண்டாவது பங்கு அயனிப் பரிமாற்றம். இதில் வாலுக்கு வேலை இல்லை, மின்சுமைதான் கணக்கு. அமில-காரக் குறியீடு (pH) எட்டாக இருக்கும்போது அவளுடைய புரதம் எதிர்மின் சுமையோடு இருக்கும். தூணிலுள்ள மணிகள் நேர்மின். சாற்றில் உப்பு அதிகமிருந்தால் எதுவும் ஒட்டாது. அதனால் முதல் நாள் முழுக்கச் சாற்றை மெல்லிய பையில் கட்டி, உப்பில்லாத பஃபரில் ஊறப்போட்டு உப்பை இறக்கினாள். ஏற்றிய பிறகு உப்பை மெல்ல மெல்லக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். இளக்கமாகப் பிடித்தவை முதலில் கழலும், இறுக்கிப் பிடித்தவை கடைசியில். அதே சுமையுள்ள மற்ற புரதங்களும் கூடவே வரும் என்பதால் நிக்கலைப் போலச் சுத்தமாக வராது. ஆனால் நிறையச் சாற்றைத் தாங்கும். புரதத்துக்கும் நோகாது.

எல்லாம் வரிசையாக நாற்பது குழாய்களில் இறங்கியது. பட்டைகளை ஓட்டிப் பார்த்ததில் அவள் புரதம் இருபத்திரண்டிலிருந்து இருபத்தாறுவரை கொழுகொழுவென்று இருந்தது. பிறகு மஞ்சள் சோதனை. சின்னச் சின்னக் குழிகள் உள்ள தட்டில் ஒவ்வொரு குழாயிலிருந்தும் ஒரு சொட்டு விட்டு, கரைசலை ஊற்றிக் காத்திருந்தாள்.

ஒன்பது, பத்து, பதினொன்று மஞ்சளாயின. இருபத்து நான்கு தண்ணீர் மாதிரி கிடந்தது.

தட்டைத் திருப்பி வைத்துவிட்டோமோ என்று பார்த்தாள். இல்லை. எண்ணைத் தப்பாக எழுதினோமோ என்று குழாய்களை மறுபடி எண்ணினாள். இல்லை. உப்பு கெடுத்துவிட்டதோ? நிக்கலில் சுத்தம் செய்த மாதிரியில் அதே அளவு உப்பைப் போட்டுப் பார்த்தாள். மஞ்சள் குறையவில்லை. இருபத்து நான்காம் குழாயிலிருந்து உப்பை இறக்கிப் பார்த்தாள். அப்போதும் தண்ணீர்.

தட்டை எடுத்துக்கொண்டு சார் அறைக்குப் போய்க் கதவைத் தட்டாமலே நுழைந்துவிட்டாள்.

சார் தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அப்புறம் அவர் முகத்தில் ஒரு பிரகாசம் வந்தது. அது அவளுக்குப் பிடித்த முகம்.

"ஏம்மா, ரெண்டு பேரும் சேர்ந்தாத்தான் வேலை நடக்குமோ? உன் புரதத்துக்கு ஒரு துணை இருக்கலாம். உப்பு ரெண்டையும் பிரிச்சு விட்டிருக்கலாம். பத்தையும் இருபத்து நாலையும் கலந்து பாரு. மஞ்சள் பல மடங்கு ஏறிச்சுன்னா, இது பழைய கட்டுரையவிடப் பெரிய கட்டுரை."

அவள் ஓடினாள். முப்பத்தேழு வயதில் தாழ்வாரத்தில் ஓடியதைப் பார்த்து எதிரே வந்தவர்கள் ஒதுங்கினார்கள். அந்த அரை மணி நேரம்தான் இந்தக் கதையில் அவளுக்குக் கிடைத்த நல்ல நேரம். கலந்தாள். பத்து தனியாக ஒரு குழியில், இருபத்து நான்கு தனியாக ஒன்றில், இரண்டும் சேர்ந்து ஒன்றில்.

பத்து தனியாக எவ்வளவு மஞ்சளோ, கலந்ததும் அவ்வளவே மஞ்சள். கருவியில் வைத்து அளந்தாள். மூன்றாம் தசமத்தில்தான் வித்தியாசம்.

"இதுல தீர்ப்பு சொல்ல முடியாதும்மா" என்றார் சார். பிரகாசம் போயிருந்தது. ஆனால் குரல் நிதானமாகத்தான் இருந்தது. "நீ ஏத்தினது பச்சைச் சாறு. அதுல ஆயிரம் இருக்கு. எது மஞ்சள் குடுக்குதோ யாருக்குத் தெரியும். உன்னுது இந்தத் தூண்ல எதையாவது இழந்து செத்துப் போயிருக்கலாம். நிக்கல்ல சுத்தம் பண்ணினத ஜெல்ல போடு. அங்க ஒட்டறதும் இல்ல, உப்ப மாத்தறதும் இல்ல. எதையும் கெடுக்காது. அதுல என்ன வருதோ அதுதான்."

ஜெல் தூணில் எதுவும் எதையும் பிடிப்பதில்லை. மணிகள் முழுக்க நுண்ணிய துளைகள். பெரிய புரதம் துளைக்குள் நுழைய முடியாமல் மணிகளுக்கு இடையிலேயே நேரே இறங்கி முதலில் வந்துவிடும். சிறியது சந்து பொந்தெல்லாம் நுழைந்து சுற்றிவிட்டுத் தாமதமாக வரும். உருவத்தை வைத்துத்தான் வரிசை. பச்சைச் சாற்றைச் சுத்தம் செய்ய அது லாயக்கில்லை. கொஞ்சம்தான் தாங்கும், நூற்றிருபது மில்லி தூணுக்கு இரண்டு மில்லிக்கு மேல் ஏற்றினால் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று விழும். ஆனால் ஏற்கனவே சுத்தமானதை எடைபோட்டுப் பார்க்க அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

அதை ஓட்டுவதற்கு முந்தின நாள் அவள் அக்காவைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். உடன்பிறந்த அக்கா இல்லை. இந்த ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு முன்னால் இருந்தவள். அந்த மரபணுவை எடுத்தவளும், வால் ஒட்டியவளும், முதல் கட்டுரையை எழுதியவளும் அவள்தான். இவளுக்குத் தூண் அடைக்கக் கற்றுக்கொடுத்தாள். முதல் வருடம் இவள் விடுதியில் காய்ச்சலோடு கிடந்தபோது மூன்று நாள் கூடவே இருந்தாள். இப்போது வேறொரு ஊரில் கல்லூரி வேலை. இன்னும் நிரந்தரமாகவில்லை. அந்தக் கட்டுரையை வைத்துக் கிடைத்த வேலை.

நடந்ததைச் சொன்னாள்.

"அக்கா? இருக்கீங்களா?"

"இருக்கேன்." பிறகு, "இருபத்தஞ்சாயிரம் பக்கத்துல மெல்லிசா ஒரு கோடு தெரியுமே, பாத்திருக்கியா?"

அவள் பார்த்திருக்கிறாள். எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். தடித்த பட்டைக்குக் கீழே, தலைமுடி விழுந்த மாதிரி ஒரு கோடு. எந்த நிக்கல் தூணிலும் ஏதாவது ஒரு கோடு வரத்தான் செய்யும். படத்தை அச்சிடும்போது அது கண்ணுக்கே தெரியாது.

"எனக்கும் அப்பவே தெரிஞ்சது" என்றாள் அக்கா. "பெருசா எடுத்துக்கல. எடுத்துக்காதது தப்பா வாலு? எல்லாரோடதுலயும்தான் இருக்கு."

"தப்புன்னு நான் சொல்லலக்கா."

"ஜெல் போடாத. கேளு, நான் உனக்குக் கெட்டது சொல்லுவேனா? அந்த ஜெல் தூண் பழசு, மணியெல்லாம் நொறுங்கிப் போச்சு, ஓட்ட முடியலன்னு எழுதிடு. அயனிப் பரிமாற்றத்துல வேலை போச்சு, புரதம் தாங்கலன்னு எழுதிடு. ரெண்டும் நடக்கறதுதான. வேற இதழுக்கு அனுப்பிடுங்க."

"சார் ஒத்துக்க மாட்டார்."

"சாருக்கு என்ன, எட்டு மாசத்துல வீட்டுக்குப் போயிடுவார்." என்றாள் அக்கா. "அடுத்த மாசம் என்னை நிரந்தரம் பண்றதுக்குக் குழு உக்காருது. உனக்கும் ஆறு வருஷம். உன் பொண்ணு முகத்த நினைச்சுப் பாரு."

அவள் மகளின் முகத்தை நினைத்துப் பார்த்தாள். கடைசியாகப் பார்த்தபோது முன்பல் விழுந்திருந்தது. இப்போது முளைத்திருக்கும்.

"யோசிக்கறேன்க்கா" என்றாள். அது பொய். யோசிக்க அவளுக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் காலை குளிரறைக்குப் போனபோது ஐஸ் அண்ணன் தூணைக் கழுவித் தயாராக வைத்திருந்தார். எடை தெரிந்த நான்கு புரதங்களை முதல் நாளே ஓட்டி, எது எங்கே இறங்குகிறது என்று கோடு போட்டும் வைத்திருந்தார். தூண் பழசாகவும் இல்லை, நொறுங்கவும் இல்லை. கோடு நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது.

"இந்தக் காலம் நல்ல காலம்மா" என்றார். ஆய்வுக்கூடத்துப் பேச்சில் தூணுக்கு, ஆங்கிலச் சொல்லை ஒட்டி, 'காலம்' என்றே பெயர். அதை வைத்து அவர் இருபத்திரண்டு வருடமாக அதே நகைச்சுவையைச் செய்துகொண்டிருந்தார். "மத்ததெல்லாம் கெட்ட காலமாப் போனாலும் இது நம்மளக் கைவிடாது."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு மில்லியை ஏற்றினாள். நிமிடத்துக்கு ஒரு மில்லி. குழாய்க்கு இரண்டு மில்லி. இரண்டு மணி நேரம். வெளியே உட்கார்ந்து பார்க்கலாம். ஆனாலும் அவள் உள்ளேயே நின்றாள். புற ஊதா ஒளி புரதத்தைக் கண்டால் திரையில் கோடு எழும். முப்பத்து மூன்றாம் குழாயில் எழ ஆரம்பித்து, முப்பத்து நான்கில் மலைபோல் உயர்ந்து, முப்பத்தாறில் இறங்கியது. அவள் புரதம். இரண்டிரண்டாகச் சேர்ந்து திரிகிற புரதம் என்பதால் எங்கே வர வேண்டுமோ அங்கேயே வந்தது. பிறகு வெறும் சமவெளி. நாற்பத்து நான்கு பக்கத்தில் கோடு லேசாக ஒரு முறை மூச்சு வாங்கிய மாதிரி எழுந்து அடங்கியது. பார்க்காதவர்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது.

தட்டில் சொட்டு விட்டாள். கரைசலை ஊற்றினாள். கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

மலைபோல் எழுந்த முப்பத்து நான்கு தண்ணீர். நாற்பத்து மூன்று மஞ்சள். நாற்பத்து நான்கு ஆழ்ந்த மஞ்சள். நாற்பத்தைந்து மஞ்சள்.

ஐஸ் அண்ணன் அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். அவருக்கு நொதி பற்றித் தெரியாது. ஆனால் எந்தக் குழாயில் எந்தக் கோடு வர வேண்டும் என்று இருபத்திரண்டு வருடமாகத் தெரியும்.

"பெட்டில ஏதாவது கோளாறா இருக்குமோ?" என்றார். அப்படி இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்கிற குரல்.

"இல்லண்ணா."

"குழாய் மாத்தற கை சிக்கியிருக்கலாம்."

"இல்லண்ணா. நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன்."

அவர் குல்லாயைக் கழற்றினார். ஏன் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

அக்கா சொன்னபடி செய்ய இன்னும் வழி இருந்தது. தட்டைக் கழுவிவிட்டால் போதும். ஐஸ் அண்ணன் யாரிடமும் சொல்ல மாட்டார். கழுவும் தொட்டி நாலு அடி தூரத்தில்தான். அவள் அதன் முன்னால் தட்டோடு நின்றது உண்மை. எவ்வளவு நேரம் நின்றாள் என்று பின்னால் அவளால் சொல்ல முடியவில்லை. கடைசியில் தட்டை எடுத்துக்கொண்டு மாடி ஏறினாள். பெரிய நேர்மை என்றெல்லாம் அவள் அதை நினைக்கவில்லை. அந்த மஞ்சளைப் பார்த்த பிறகு, முப்பத்து நான்காம் குழாயைத் தன் நொதி என்று இன்னொரு தடவை எழுதக் கை வராது என்று மட்டும் தோன்றியது.

சார் எழுந்து மேலங்கியை மாட்டினார். "வா. நானே ஒரு தடவ செய்யறேன்."

பத்து வருடமாக அவர் கையில் சொட்டு அளந்து விடும் பிப்பெட்டைப் பிடித்ததில்லை. ஆனாலும் ஒவ்வொரு சொட்டையும் தானே விட்டார். அதே மஞ்சள், அதே குழாய். பிறகு, கட்டுரை எழுதிய நாளிலேயே யாராவது செய்திருக்க வேண்டிய ஒரு காரியத்தைச் சொன்னார்.

"நம்ம மரபணு இல்லாத வெறும் பாக்டீரியா இருக்குல்ல. அதோட சாற நிக்கல்ல ஏத்து."

வெறும் செல்லின் பச்சைச் சாற்றை அக்கா சோதித்திருந்தாள். அதில் மஞ்சள் மிகக் கொஞ்சம்தான். அதைக் கழித்துவிட்டுத்தான் கணக்கே எழுதினாள். ஆனால் அந்தச் சாற்றை நிக்கல் தூணில் யாரும் ஏற்றியதில்லை. வாலே இல்லாத செல்லை எதற்கு ஏற்றுவது என்று யாருக்கும் தோன்றவில்லை.

மூன்று நாள் கழித்து அவள் ஏற்றினாள். கழுவினாள். இமிடசோலை விட்டாள். தடித்த பட்டை இல்லை. கீழே, இருபத்தைந்தாயிரத்தில், அந்த மெல்லிய கோடு மட்டும். சோதனைக் கரைசல் மஞ்சளாயிற்று.

வளர்ப்பு பாக்டீரியாவுக்கே சொந்தமான ஏதோ ஒரு சிறு நொதி. அதன் உடம்பில் வெளிப்புறமாக ஹிஸ்டிடின்கள் ஒரே இடத்தில் கூடியிருக்க வேண்டும். யாரும் ஒட்டாத வால். அதனால் அதுவும் நிக்கலைப் பிடித்துக்கொண்டு, அக்கா காலத்திலிருந்தே, ஒன்பது வருடமாக அவர்கள் புரதத்தோடு இறங்கி வந்திருக்கிறது. எடை பார்க்கும் கருவிக்கு அந்தக் கோட்டை வெட்டி அனுப்பினார்கள். புதியதாக ஏதாவது இருக்கும் என்று சாருக்கு ஒரு நப்பாசை. பதில் ஒரு வாரத்தில் வந்தது. முப்பது வருடத்துக்கு முன்பே படித்து முடித்து, பாடப்புத்தகத்தில் ஏறிவிட்ட நொதி. புட்டியில் அடைத்து விற்கிறார்கள். பெயரைப் படித்துவிட்டு சார் தாளை மடித்து வைத்தார்.

"அப்போ நம்ம புரதம் என்னதான் சார் செய்யுது?" என்று கேட்டாள்.

"தெரியலம்மா." மடித்த தாளை ஓரமாகத் தள்ளினார். "ஒண்ணும் செய்யாமலும் இருக்கலாம்."

ஆறு வருடம் அவள் அதை வளர்த்து, உடைத்து, கழுவி, வெப்பம் ஏற்றி, அமிலம் மாற்றி, இவ்வளவு சூட்டில் இவ்வளவு வேகம் என்று நூற்றுச் சொச்சம் வரைபடம் போட்டிருந்தாள். எல்லாம் வேறொன்றின் வரைபடங்கள். தடித்த பட்டையை எடை போட்டு, மெல்லிய கோட்டின் வேலையை அதற்கு எழுதியிருந்தாள்.

சார் இதழுக்கு எழுதினார். முதல் கட்டுரையைத் திரும்பப் பெறுகிறோம் என்று. அனுப்பும் முன் அக்காவைத் தொலைபேசியில் கூப்பிட்டு அவரே பேசினார். கதவு சாத்தியிருந்தது. தாழ்வாரத்தில் நின்ற அவளுக்கு சார் குரல் மட்டும் கேட்டது. "யாரும் திருடலம்மா. யாரும் பொய் சொல்லல. ஆனா தப்புதானே." திரும்பத் திரும்ப அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்த மாதம் குழு உட்கார்ந்தது. அக்காவை நிரந்தரம் செய்யவில்லை. சேதி சார் மூலமாகத்தான் வந்தது. அவள் அக்காவுக்குப் பதினோரு முறை போன் அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. பன்னிரண்டாவது முறை எண்ணே உபயோகத்தில் இல்லை என்றது.

அவளுக்கு ஆய்வேடு இல்லை என்றாயிற்று. புதிய தலைப்பு எடுத்துக்கொள்ளலாம் என்றது நிர்வாகம். ஆனால் சார் போகப்போகிறார். புதிய வழிகாட்டி வேண்டும். மூன்று வருடமாவது ஆகும். மூன்று பேரிடம் கேட்டாள். இருவர் இடமில்லை என்றார்கள். மூன்றாமவர் அனுதாபத்தோடு, "அந்தத் திரும்பப் பெற்ற கட்டுரை ஆளா?" என்று கேட்டார். கட்டுரை அவளுடையது இல்லை, தப்பைக் கண்டுபிடித்ததுதான் அவள் என்று விளக்க வாயெடுத்தாள். பாதியில் நிறுத்திவிட்டாள். கேட்பவர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சார் ஓய்வு பெற்ற நாளில் விழா வேண்டாம் என்றுவிட்டார். பெட்டிகளைக் காரில் ஏற்ற அவளும் ஐஸ் அண்ணனும்தான் கை கொடுத்தார்கள். கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு சார் ஏதோ சொல்ல நினைத்தார். "உனக்கு நான் ஒண்ணும் செய்யலம்மா" என்றார்.

"அப்படியெல்லாம் இல்ல சார்."

சார் காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

கடைசி வாரம் தூண்களைச் சுத்தம் செய்தாள். நிக்கலை உரித்து மணிகளை வெள்ளையாக்கினாள். அயனிப் பரிமாற்றத் தூணைக் கெட்டி உப்பால் கழுவினாள். ஜெல் தூணுக்குத் தண்ணீர் விட்டு, பிறகு பாசி பிடிக்காமலிருக்க ஐந்தில் ஒரு பங்கு சாராயம் கலந்த நீரை நிரப்பி, இரு முனையும் அடைத்தாள். யார் எடுத்துக்கொள்வார்கள் என்று தெரியாது. ஐஸ் அண்ணன் ஒவ்வொன்றின் மேலும் சீட்டு ஒட்டிக்கொண்டே வந்தார். அன்று அவர் நகைச்சுவை எதுவும் சொல்லவில்லை.

"தட்டக் கழுவியிருக்கலாமோன்னு எப்பவாவது தோணுதா?" என்று திடீரென்று கேட்டார்.

"தினமும் தோணுதுண்ணா" என்றாள்.

ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது மதியம். கணவன் வேலையில் இருந்தான். நாத்தனார் கதவைத் திறந்தாள். பையை வாங்கி வைத்தாள்.

"முடிச்சிட்டியா?"

"இல்ல அண்ணி. முடியாதுன்னு ஆயிடுச்சு."

"ஏன், நீ ஏதாவது தப்பு பண்ணிட்டியா?"

"இல்ல."

"அப்போ அவங்க தப்பு பண்ணாங்களா?"

"வேணும்னு யாரும் பண்ணல."

நாத்தனார் அவளை மேலும் கீழும் பார்த்தாள். யாருமே தப்புச் செய்யாமல் ஒரு பெண்ணின் ஆறு வருடம் எப்படிப் போகும் என்று அவளுக்கு விளங்கவில்லை. நல்ல மனுஷி. அதனால் மேலே கேட்கவில்லை.

மாலையில் மகள் பள்ளியிலிருந்து வந்தாள். வாசலில் செருப்பைப் பார்த்து நின்றாள். அம்மாவைப் பார்த்ததும் வெட்கத்தோடு சிரித்தாள், விருந்தாளியைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி. முன்பல் இரண்டும் முளைத்திருந்தன. நாத்தனார் "போ, அம்மாகிட்ட போ" என்று முதுகில் கை வைத்துத் தள்ளினாள். மகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். சட்டையை நீவிவிட்டுக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, பால் ஆறிப்போகும் என்று சொல்லி, எழுந்து அத்தையிடம் போய்விட்டாள்.